x^x: இரண்டு தவறான விடைகளைக் கூட்டினால் ஏன் சரியாகிறது?

கேள்வி: "நான் பாகூரிலிருந்து கடலூருக்கு டியூஷன் வருகிறேன். x^x-ஐ வகையிடச் சொன்னபோது அடுக்கைக் கீழே இறக்கி x·x^(x−1) என்று எழுதினேன். என் தோழி a^x விதியைப் போட்டு x^x·log x என்று எழுதினாள். இரண்டும் தவறு, மடக்கை எடுத்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் இரண்டு பேருடைய விதியும் பாடப் புத்தகத்தில்தானே இருக்கிறது? மடக்கை எடுத்தால் மட்டும் ஏன் சரியாக வருகிறது? (sin x)^x போன்ற கணக்கில் sin x குறை எண்ணாக இருந்தால் என்ன செய்வது?"

நீங்கள் எழுதியதையும் உங்கள் தோழி எழுதியதையும் கூட்டிப் பாருங்கள். x·x^(x−1) என்பது x^x தான். அதனுடன் x^x·log x சேர்ந்தால் x^x(1 + log x) ஆகும். சரியான விடை அதுவே. ஆகவே உங்கள் இருவரையும் பாதி தூரம் வந்தவர்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒருவர் விட்ட பாதியை மற்றவர் எழுதியிருக்கிறீர்கள். மஞ்சக்குப்பத்தில் பல ஆண்டுகளாக மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது, மடக்கை என்ற சொல்லை எடுப்பதற்கு முன்பு இந்த இரண்டு விடைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிடுவது என் வழக்கம். அவை ஏன் பாதி என்பது புரிந்துவிட்டால் மடக்கை எதற்கு என்பது தானாகவே விளங்கும்.

புத்தகத்தில் இருக்கும் இரண்டு விதிகளும் சரியானவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. x^n-இன் வகைக்கெழு n·x^(n−1) என்னும்போது n ஒரு மாறிலி. x நகரும்போது அடிமானம் மட்டும் நகர்கிறது, அடுக்கு அசையாமல் நிற்கிறது. a^x-இன் வகைக்கெழு a^x·log a என்னும்போது a ஒரு மாறிலி. அங்கே அடிமானம் நிற்கிறது, அடுக்கு நகர்கிறது. x^x-இல் இரண்டும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. நீங்கள் முதல் விதியைப் போட்டபோது, உங்களை அறியாமலே அடுக்கில் உள்ள x-ஐ மாறிலி என்று வைத்துக்கொண்டீர்கள். உங்கள் தோழி அடிமானத்தில் உள்ள x-ஐ மாறிலி என்று வைத்துக்கொண்டார். விதிகளின் மேல் குற்றமில்லை; அவற்றின் நிபந்தனை நிறைவேறாத இடத்தில் அவற்றைப் பயன்படுத்தியதுதான் பிழை.

இதை எண்களில் பார்ப்போம். x = 2 என்று எடுத்துக்கொள்ளுங்கள்; 2^2 = 4. இப்போது x-ஐ 2-இலிருந்து 2.01-க்கு நகர்த்துவோம். முதலில் அடிமானத்தை மட்டும் நகர்த்தினால் 2.01^2 = 4.0401. கூடியது 0.0401. இதை 0.01 ஆல் வகுத்தால் 4.01, இன்னும் சிறிய நகர்வு எடுத்தால் 4-ஐ நெருங்கும். உங்கள் விடையில் x = 2 என்று போட்டால் வருவதும் 4 தான். அடுத்து அடிமானத்தை 2-இலேயே நிறுத்திவிட்டு அடுக்கை மட்டும் நகர்த்துவோம். 2^2.01 என்பது ஏறத்தாழ 4.0278. கூடியது 0.0278. 0.01 ஆல் வகுத்தால் 2.78; சிறிய நகர்வுகளில் 2.7726-ஐ நெருங்கும். உங்கள் தோழியின் விடை 4·log 2. அதன் மதிப்பும் 2.7726. இப்போது இரண்டையும் சேர்த்து நகர்த்துவோம். 2.01^2.01 ஏறத்தாழ 4.0684. கூடியது 0.0684. தனித்தனியாகக் கூடியவை இரண்டும் சேர்ந்து 0.0679. கிட்டத்தட்ட முழுவதும் கணக்கில் வந்துவிட்டது, 0.0005 அளவுக்கு ஒரு சிறு மிச்சம் மட்டும் இருக்கிறது.

அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? மரக்காணம் உப்பளத்தில் செவ்வகமான ஒரு பாத்தியை நீளத்திலும் அகலத்திலும் சிறிது கூட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் கூடியதால் ஒரு பக்கம் ஒரு பட்டை சேரும். அகலம் கூடியதால் இன்னொரு பக்கம் ஒரு பட்டை சேரும். இரண்டு பட்டைகளும் சந்திக்கும் மூலையில் ஒரு சிறு துண்டு மிஞ்சும். நகர்வைப் பத்தில் ஒரு பங்காக்கினால் பட்டைகளும் பத்தில் ஒரு பங்காகும். ஆனால் மூலைத் துண்டு நூறில் ஒரு பங்காகிவிடும். நம் 0.0005-உம் இப்படிப்பட்ட மூலைத் துண்டுதான். 0.01-க்குப் பதிலாக 0.001 நகர்த்தினால் மிச்சம் 0.000005 அளவுக்குக் குறைந்துவிடும். நகர்வால் வகுத்து எல்லை காணும்போது அது பூச்சியத்தை நோக்கிப் போய்விடுகிறது. நிலைத்து நிற்பவை இரண்டு பட்டைகளே. அதனால்தான் x = 2-இல் உண்மையான வகைக்கெழு 4 + 2.7726 = 6.7726. நம்பிக்கை வரவில்லையென்றால் இரண்டு பக்கமும் நகர்த்திச் சோதிக்கலாம்: 2.01^2.01-இலிருந்து 1.99^1.99-ஐக் கழித்து 0.02 ஆல் வகுத்தால் 6.773 வரும்.

இதையே பொதுவாக எழுதுவோம். y = f^g என்று இருந்து, f-உம் g-உம் x-இன் சார்புகளாக இருந்தால்,

dy/dx = g·f^(g−1)·f′ + f^g·log f·g′

முதல் உறுப்பு அடுக்கு அசையாமல் நின்றதுபோல் எழுதியது. இரண்டாவது உறுப்பு அடிமானம் அசையாமல் நின்றதுபோல் எழுதியது. g மாறிலி என்றால் g′ = 0, இரண்டாவது உறுப்பு மறைந்து உங்கள் விதி மட்டும் நிற்கும். f மாறிலி என்றால் f′ = 0, முதல் உறுப்பு மறைந்து உங்கள் தோழியின் விதி மட்டும் நிற்கும். புத்தகத்தில் தனித்தனியாகப் படித்த இரண்டும் இந்த ஒரே வாய்பாட்டின் இரண்டு சிறப்பு நிலைகள். சிலர் இதை மனப்பாடம் செய்து நேரடியாக விடை எழுதுகிறார்கள். கணிதப்படி அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மடக்கை வகையிடல் முறையில் செய்யுமாறு கேள்வி கேட்டிருந்தால் படிகளைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

இப்போது மடக்கைக்கு வருவோம். அடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கும் g-ஐக் கீழே கொண்டுவரும் ஆற்றல் மடக்கைக்கு உண்டு: log(f^g) = g·log f. மேலும் கீழுமாக இருந்த இரண்டு சார்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெருக்கிக்கொள்ளும் இரண்டு சார்புகளாகிவிடுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் மாறும் பெருக்கலுக்கு நம்மிடம் ஏற்கெனவே பெருக்கல் விதி இருக்கிறது. அது இரண்டு உறுப்புகளையும் மறக்காமல் தந்துவிடும். மடக்கை செய்யும் வேலை இவ்வளவுதான்.

x^x-க்கு அதைச் செய்வோம். x > 0 என்று கொண்டு y = x^x என்க. இருபுறமும் மடக்கை எடுக்க, log y = x·log x. இருபுறமும் x-ஐப் பொறுத்து வகையிட, இடப்பக்கம் (1/y)·dy/dx. y என்பது x-இன் சார்பு என்பதால் சங்கிலி விதிப்படி dy/dx வந்து ஒட்டிக்கொள்கிறது. வலப்பக்கம் பெருக்கல் விதிப்படி 1·log x + x·(1/x), அதாவது log x + 1. இருபுறமும் y ஆல் பெருக்க, dy/dx = y(1 + log x). கடைசியாக y-க்குப் பதில் x^x என்று போட்டால் dy/dx = x^x(1 + log x). நான் திருத்தும் தாள்களில் அதிகம் பார்க்கும் பிழை இந்தக் கடைசி இடத்தில்தான். 1 + log x என்று வந்ததும் விடை கிடைத்துவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். அது log y-இன் வகைக்கெழு, y-இன் வகைக்கெழு அன்று. x = 2 என்று போட்டால் 1.6931 வருகிறது. நாம் மேலே எண்ணிப் பார்த்த சாய்வு 6.77, நான்கு மடங்கு வித்தியாசம். அந்த நான்குதான் விட்டுப்போன y.

கவனமாகப் படிக்கும் மாணவருக்கு இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். இருபுறமும் வகையிடுகிறோம் என்றால் y வகையிடத்தக்கது என்று முன்னதாகவே ஏற்றுக்கொள்கிறோம் அல்லவா? அது உண்மையா என்று யார் சொன்னது? கேள்வி நியாயமானது. மேலே காட்டிய படிகள் மட்டும் சொல்வது இது: வகைக்கெழு இருக்கிறது என்றால் அதன் மதிப்பு இதுதான். இருக்கிறது என்பதை உறுதி செய்ய, y-ஐ e^(g·log f) என்று எழுதிக்கொள்ளுங்கள். f மிகை எண்ணாக இருந்து, f-உம் g-உம் வகையிடத்தக்கவையாக இருந்தால் g·log f-உம் வகையிடத்தக்கது. e-இன் அடுக்கு எல்லா இடத்திலும் வகையிடத்தக்கது. ஆகவே சங்கிலி விதிப்படி y-உம் வகையிடத்தக்கது. விடையும் அதே விடைதான். இந்த வடிவத்தில் எழுதினால் முன்னதாக எதையும் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. இப்படிச் செய்வதே எனக்குப் பிடித்தமானது. ஆனாலும் பள்ளித் தேர்வுக்கு மடக்கை எடுக்கும் படிகளே வழக்கம். அவை பொருந்தும் இடமும் இதே இடம்தான்.

log என்ற குறியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கால்குலேட்டரில் சரிபார்க்கும்போது பலர் இங்கே குழம்புகிறார்கள். நம் வகை நுண்கணிதப் பாடத்தில் log x என்று எழுதுவது e-ஐ அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கை. கால்குலேட்டரில் log என்ற பொத்தான் 10-ஐ அடிமானமாகக் கொண்டது. இயல் மடக்கைக்கு ln என்ற பொத்தானை அழுத்த வேண்டும். log பொத்தானை அழுத்தினால் 2-க்கு 0.3010 வரும், 4(1 + 0.3010) = 5.204 என்று கிடைக்கும். அது 6.77-உடன் பொருந்தாது. மாணவர் உடனே தன் படிகளில் பிழை தேடத் தொடங்கிவிடுவார், ஆனால் படிகள் சரியாகவே இருக்கும். 10-ஐ அடிமானமாகக் கொண்டும் இந்த முறையைச் செய்ய முடியும். ஆனால் அப்போது log-இன் வகைக்கெழு 1/x ஆக இருக்காது, 2.3026 என்ற எண் ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே வந்து நிற்கும். இயல் மடக்கையை எடுப்பதற்கு அதுதான் காரணம்.

பாகூர் என்று எழுதியிருப்பதால் இதையும் குறிப்பிடுகிறேன். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அதில் இந்தப் பகுதி பன்னிரண்டாம் வகுப்பில் வருகிறது. எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்தால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. இரண்டிலும் முறை ஒன்றே. ஒரே டியூஷனில் இரண்டு வகுப்பு மாணவர்களும் உட்கார்ந்திருந்தால் ஒருவருக்கு முன்பே தெரிந்தது மற்றவருக்குப் புதிதாக இருக்கும். அதை வைத்து நீங்கள் பின்தங்கியிருப்பதாக நினைக்க வேண்டாம்.

இரண்டு பாடத்திட்டத்திலும் வரக்கூடிய ஒரு வகைக் கணக்கை முழுமையாகச் செய்து பார்ப்போம். அதில்தான் மடக்கை முறையின் அடுத்த பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. 0 < x < π என்ற இடைவெளியில் y = x^(sin x) + (sin x)^x. பார்த்தவுடன் கை தானாகவே log y = sin x·log x + x·log(sin x) என்று எழுதப் போகும். அது தவறு. பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவதுதான் மடக்கை; கூட்டலை மடக்கை ஒன்றும் செய்யாது. log(u + v)-க்கு log u + log v என்று பொருள் கிடையாது. ஆகவே முதலில் இரண்டையும் பிரித்து u = x^(sin x), v = (sin x)^x என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக மடக்கை எடுத்து, dy/dx = du/dx + dv/dx என்று கடைசியில் கூட்ட வேண்டும்.

u-க்கு: log u = sin x·log x. வகையிட, (1/u)·du/dx = cos x·log x + (sin x)/x. ஆகவே du/dx = x^(sin x)·[cos x·log x + (sin x)/x]. v-க்கு: log v = x·log(sin x). வகையிட, (1/v)·dv/dx = log(sin x) + x·(cos x/sin x). ஆகவே dv/dx = (sin x)^x·[log(sin x) + x·cot x]. இரண்டையும் கூட்டினால் விடை. இதற்குமேல் சுருக்க ஒன்றும் இல்லை. சுருக்கப்போய் கெடுத்துக்கொண்ட விடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த விடை சரியா என்று பார்க்க ஒரு நல்ல இடம் x = π/2. அங்கே sin x = 1, cos x = 0, cot x = 0, log(sin x) = 0. du/dx-இல் போட்டால் (π/2)·[0 + 1/(π/2)] = 1. dv/dx-இல் போட்டால் 1·[0 + 0] = 0. ஆகவே dy/dx = 1. இது பொருளோடும் பொருந்துகிறதா? π/2-க்குப் பக்கத்தில் sin x மிக மெதுவாகத்தான் மாறும், கிட்டத்தட்ட 1-ஆகவே இருக்கும். அதனால் x^(sin x) என்பது x^1 போலவே நடந்துகொள்ளும். அதன் சாய்வு 1. (sin x)^x-ஓ இந்த இடைவெளியில் 1-ஐத் தாண்டாது; π/2-இல் சரியாக 1-ஐத் தொட்டுவிட்டு இறங்குகிறது. உச்சியில் சாய்வு 0. பொருந்திவிட்டது. இப்போது மேலே சொன்ன தவறான வழியில் போனவரின் விடையை அதே இடத்தில் பாருங்கள். அவருக்கு (1/y)·dy/dx = 2/π, y = π/2 + 1, ஆகவே dy/dx = 1 + 2/π, அதாவது ஏறத்தாழ 1.64. உண்மையான 1-உடன் ஒத்துப்போகவில்லை. கணக்கை முடித்தபின் இப்படி எளிதான ஒரு x-ஐப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. என் மாணவர்களை இதை விடாமல் செய்யச் சொல்கிறேன்.

கடைசியாக நீங்கள் கேட்ட குறை எண் விஷயம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மடக்கை எடுக்க முடியாதது ஒரு புறம் இருக்கட்டும். அதற்கு முன்பாகவே சிக்கல் தொடங்கிவிடுகிறது. குறை எண்ணை அடிமானமாக வைத்துக்கொண்டு அடுக்கை நகரவிட்டால் சார்பே ஓர் இடைவெளி முழுவதும் இருப்பதில்லை. x^x-ஐயே பாருங்கள். x = −1 என்றால் (−1)^(−1) = −1, மதிப்பு இருக்கிறது. x = −1/3 என்றால் கனமூலம் வருகிறது; குறை எண்ணுக்குக் கனமூலம் உண்டு என்பதால் மதிப்பு இருக்கிறது, ஏறத்தாழ −1.442. x = −1/2 என்றால் குறை எண்ணின் வர்க்கமூலம்; மெய்யெண்ணாக மதிப்பு இல்லை. அடுக்கு விகிதமுறா எண்ணாக இருந்தால் எந்த வழியிலும் மெய்யெண் மதிப்பு கொடுக்க முடியாது. இப்படி மதிப்பு இல்லாத புள்ளிகள் குறை எண் பக்கத்தில் எவ்வளவு சிறிய இடைவெளியை எடுத்தாலும் அதற்குள் இருக்கின்றன.

(sin x)^x-உம் அப்படித்தான். x = 4 ரேடியன் என்று எடுத்துக்கொண்டால் sin 4 ஏறத்தாழ −0.7568, அதன் நான்காம் அடுக்கு 0.328. மதிப்பு இருக்கிறது. ஆனால் அங்கே வகைக்கெழு காண வேண்டுமானால் பக்கத்துப் புள்ளிகளிலும் மதிப்பு வேண்டும். x = 4.1-இல் அடுக்கு 41/10; குறை எண்ணின் பத்தாம் மூலம் வேண்டும், மெய்யெண்களில் அது கிடையாது. 4.01-இலும் 4.001-இலும் அதே கதைதான். நகர்த்தி வகுத்து எல்லை காண்பதற்குப் பிடிமானமே இல்லை. ஆகவே விடை, அந்த இடத்தில் வகைக்கெழு என்று பேசவே முடியாது என்பது. இந்தச் சார்பை 0 < x < π, 2π < x < 3π போன்று sin x மிகை எண்ணாக இருக்கும் இடைவெளிகளில்தான் இப்படி வகையிட வேண்டும். கணக்கைத் தொடங்கும்போதே அந்த நிபந்தனையை ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது. சிலர் log|sin x| என்று போட்டுச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். x = 4-இல் அவர்களுக்கு 1.04 என்று ஓர் எண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அது |sin x|^x என்ற வேறொரு சார்பின் சாய்வு. நீங்கள் கேட்ட சார்புடையது அன்று.

அடிமானம் பூச்சியத்தை நெருங்கும் இடத்தையும் பார்த்துவிடுவோம். x^x-இல் x வலப்புறமிருந்து 0-ஐ நெருங்கும்போது 0.1^0.1 = 0.794, 0.01^0.01 = 0.955, 0.001^0.001 = 0.993 என்று மதிப்பு 1-ஐ நோக்கிப் போகிறது. எல்லை 1 என்பது உறுதி. ஆனால் 0^0 = 1 என்பதை இந்த எல்லையிலிருந்து வந்த தேற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது; அது இடத்துக்கு ஏற்ப நாம் வைத்துக்கொள்ளும் வரையறை. அடிமானமும் அடுக்கும் வேறு விதமாக 0-ஐ நெருங்கினால் எல்லையும் வேறாக வரலாம். வரையறையால் 1 என்று வைத்துக்கொண்டாலும் 0-இல் வகைக்கெழு கிடையாது. 1 + log x அங்கே கீழ்நோக்கி எல்லையில்லாமல் போவதால் வரைபடம் அந்த இடத்தில் செங்குத்தாக இறங்கத் தொடங்குகிறது. பிறகு x = 1/e-இல், அதாவது ஏறத்தாழ 0.368-இல், 1 + log x பூச்சியமாகிறது. அங்கே x^x தன் சிறும மதிப்பான 0.692-ஐத் தொட்டுவிட்டு மேலே ஏறுகிறது. இந்த வளைவில் நாட்டம் கொண்டவர்களில் யோஹான் பெர்னூலி முக்கியமானவர். அடுக்கிலும் மாறி வரும் சார்புகளுக்கான நுண்கணிதத்தை 1697-இல் வெளியிட்டவர் அவர். 0-இலிருந்து 1 வரை x^x-இன் கீழுள்ள பரப்பு 1 − 1/2² + 1/3³ − 1/4⁴ + … என்று காட்டினார். அதன் மதிப்பு 0.7834. தொகையிடல் படித்தபின் நீங்களே நிறுவிப் பார்க்கலாம். x^x-ஐ e^(x·log x) என்று எழுதுவதுதான் அங்கேயும் முதல் படி.

மட்டு மதிப்புடன் மடக்கை எடுப்பதே எப்போதும் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். அடுக்குகள் எல்லாம் முழு எண் மாறிலிகளாக இருந்து, பெருக்கலும் வகுத்தலுமாக நீண்டு கிடக்கும் கணக்குகளில் அது முழுக்கச் சரியான முறை. அங்கே அடிமானம் குறை எண்ணானாலும் சார்புக்கு மதிப்பு இருக்கிறது. log|f|-இன் வகைக்கெழுவும் f′/f தான். எடுத்துக்காட்டாக y = (x−5)^3·(x+2)^2. log|y| = 3·log|x−5| + 2·log|x+2|; வகையிட, (1/y)·dy/dx = 3/(x−5) + 2/(x+2). x = 1-இல் y = −576, வலப்பக்கம் −3/4 + 2/3 = −1/12, ஆகவே dy/dx = 48. பெருக்கல் விதியில் நேரடியாகச் செய்தாலும் 432 − 384 = 48 தான். ஆனால் x = 5-இல் y பூச்சியம், 3/(x−5)-க்கு மதிப்பே இல்லை; அந்த ஒரு புள்ளியில் மடக்கை வழி கைவிட்டுவிடும். அங்கே வகைக்கெழு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நேரடியாக வகையிட்டால் அது இருக்கிறது, மதிப்பு 0. x = −2-இலும் இதே நிலைதான்.